பில் எண் விடுபட்டால் தணிக்கையில் என்ன ஆகும்?

ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமோ ஆடிட்டரிடமிருந்து ஒரு கேள்விப் பட்டியலோ வருகிறது. அதில் ஒரு வரி: "கீழ்க்கண்ட இன்வாய்ஸ் எண்கள் விற்பனைப் பதிவேட்டில் இல்லை, விளக்கம் தரவும்." பல வியாபாரிகள் இதைப் பார்த்ததும் பதறிப்போகிறார்கள். இன்னும் சிலர் "அதெல்லாம் கேன்சல் ஆன பில்" என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. விடுபட்ட எண் என்பது ஒரு கேள்வி. அந்த எண்ணில் சரக்கு வெளியே போனதா, பணம் உள்ளே வந்ததா என்பதே அந்தக் கேள்வி. பதிலை அந்தப் பதிவேட்டுக்குள்ளேயே தேடினால் கிடைக்காது. வேறு ஒரு ஆவணத்தில்தான் தேட வேண்டும்.

## எண் ஏன் வரிசையாக இருக்க வேண்டும்

சிஜிஎஸ்டி விதிகளில் 46-ஆவது விதி, ஒவ்வொரு வரி இன்வாய்ஸுக்கும் தொடர் வரிசை எண் இருக்க வேண்டும் என்கிறது. அது 16 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. ஒரே நிதியாண்டில் அதே எண் இன்னொரு பில்லுக்கு வரக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். கிளைக்கு ஒன்று, கவுன்ட்டருக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை.

தணிக்கையாளருக்கு இந்த வரிசை வேறொரு விதத்தில் உதவுகிறது. எழுதப்பட்ட விற்பனை உண்மையா என்று பார்ப்பது சுலபம்: பில்லை எடு, சரக்கு போன சான்றைப் பார், பணம் வந்ததைப் பார். நடந்த விற்பனை எல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் கடினம். எழுதாததை எந்தப் பக்கத்தில் தேடுவது? இதை 'முழுமை' என்று சொல்வார்கள். இல்லாத ஒன்றின் இடத்தைச் சுட்டிக்காட்டும் சில கருவிகளில் எண் வரிசையும் ஒன்று. 4,537-க்கும் 4,539-க்கும் நடுவே ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பதை அந்தப் பதிவேடே சொல்லிவிடுகிறது.

## விடுபட்டதைக் கண்டுபிடிப்பது

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக அமைத்த நிறுவனம் இது: மோட்டார், பம்ப் மொத்த விற்பனை செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட். ஆண்டு விற்பனை சுமார் 6 கோடி ரூபாய். 2024 நவம்பர் மாதத்தின் முதல் பில் `CB/24-25/04101`, கடைசி பில் `CB/24-25/04660`. பதிவேட்டை எக்செலில் இறக்கினால் 549 வரிகள் இருக்கின்றன.

1. முதலில் வரிசைகளைப் பிரிக்க வேண்டும். `CB/` என்று தொடங்கும் பில்களும் கிளையின் பில்களும் கலந்து கிடந்தால், இல்லாத இடைவெளிகள் தெரியும், இருக்கும் இடைவெளிகள் மறையும். சில மென்பொருள்களில் கிரெடிட் நோட்டும் அதே எண் வரிசையிலிருந்து எண் எடுத்துக்கொள்ளும். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2. எண்ணை எழுத்தாக வரிசைப்படுத்தக் கூடாது. முன்னால் பூஜ்ஜியம் இல்லாத எண்களை எழுத்தாக வரிசைப்படுத்தினால் 10 முன்னால் வந்து 9 பின்னால் போகும். அதனால் கடைசி ஐந்து இலக்கங்களைப் பிரித்து எண்ணாக மாற்றி, அந்த B நிரலைக் கொண்டு வரிசைப்படுத்திவிட்டு, பக்கத்தில் வித்தியாசத்தைப் போடலாம்:

```
B2:  =VALUE(RIGHT(A2,5))
C3:  =B3-B2
```

C நிரலில் 1 வந்தால் சரி. 1-க்கு மேல் வந்தால் நடுவே எண் விடுபட்டிருக்கிறது. 0 வந்தால் ஒரே எண் இரண்டு முறை இருக்கிறது.

3. அந்த 0-வைக் கவனிக்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நம் எடுத்துக்காட்டில் 04101 முதல் 04660 வரை இருக்க வேண்டியவை 560. வரிகள் 549. கழித்தால் 11. ஆனால் இரண்டு எண்கள் இரண்டிரண்டு முறை வந்திருக்கின்றன. ஒரே பில்லில் இரண்டு வரி விகிதம் இருந்ததால் மென்பொருள் அதை இரண்டு வரியாகக் காட்டியிருக்கிறது. ஆக, தனித்தனி எண்கள் 547 மட்டுமே. உண்மையில் விடுபட்டவை 13. வெறுமனே எண்ணிக் கழித்தவருக்கு இரண்டு எண்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

4. இந்தச் சூத்திரத்தால் பிடிக்க முடியாதது இரண்டு முனைகளும். 04660-க்குப் பிறகு இன்னும் இரண்டு பில் நவம்பர் 30 அன்று போட்டு அழித்திருந்தால் வரிசையில் ஓட்டையே தெரியாது. அதற்கு அக்டோபரின் கடைசி எண்ணையும் டிசம்பரின் முதல் எண்ணையும் கையோடு பார்க்க வேண்டும். டிசம்பர் 04661-இல் தொடங்கினால் நிம்மதி. 04663-இல் தொடங்கினால் கேள்வி.

5. எண் ஏறும்போது தேதி பின்னால் போகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அச்சடித்த பில் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஓரிரு தாளை வெற்றாக விட்டுவைத்து, பிறகு பழைய தேதி போட்டு எழுதுவது உண்டு. இன்று இடைவெளியாகத் தெரியும் எண், அடுத்த மாதம் பார்க்கும்போது நிரம்பியிருக்கும். அதனால் விடுபட்டவற்றின் பட்டியலை எடுத்த தேதியோடு சேமித்து வைப்பது நல்லது.

## நேர்மையாகவும் எண் தொலையும்

கணினி பில்லில் எண் விடுபடுவதற்குத் தப்பே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. பல தரவுத்தளங்கள் எண்ணைக் கொடுத்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. பில் திரையைத் திறந்ததும் எண் ஒதுக்கப்படுகிறது. நடுவில் பிழை வந்து சேமிக்காமல் வெளியேறினால் அந்த எண் போனது போனதுதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வரிசை எண்கள் இப்படித்தான் இயங்குகின்றன. இன்னும் சில அமைப்புகள் வேகத்துக்காக ஒரு கட்டு எண்களை முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. ஆரக்கிளில் மாற்றாமல் விட்டால் அந்தக் கட்டு 20. சர்வர் திடீரென்று நின்றால் கட்டில் மிச்சமிருந்தவை அப்படியே தொலைந்துவிடும்.

இந்த விளக்கம் உண்மையாக இருக்கலாம், வசதியான சாக்காகவும் இருக்கலாம். எப்படிப் பிரிப்பது என்பதைக் கீழே உள்ள 13 எண்களில் பார்ப்போம்.

## பதின்மூன்று எண்கள்

முதல் கூட்டம்: 04312 முதல் 04320 வரை, 9 எண்கள். பார்த்தவுடன் பயமுறுத்துவது இதுதான். ஒரே நாளில் ஒன்பது பில் காணோம். கணக்காளர் சொன்ன பதில்: "12-ஆம் தேதி சர்வர் ரீஸ்டார்ட் ஆச்சு." மென்பொருள் பத்துப் பத்தாக எண் எடுக்கும் என்று மென்பொருள்காரர் எழுத்தில் உறுதி செய்கிறார்.

இதை நம்புவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. விளக்கம் உண்மையானால், அதிலிருந்து வேறு சில விஷயங்களும் தானாகவே உண்மையாக வேண்டும். கட்டு 04311-இல் தொடங்கி 04320-இல் முடிகிறது. 04311 பயன்பட்டுவிட்டது, மீதி ஒன்பது தொலைந்தன. அப்படியானால் ரீஸ்டார்ட் ஆன ஒவ்வொரு முறையும் இடைவெளி 0-வில் முடியும் எண்ணோடுதான் முடிய வேண்டும். அடுத்த பில் 1-இல் முடியும் எண்ணாக இருக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சர்வர் பதிவில் மூன்று முறை ரீஸ்டார்ட் இருக்கிறது. மூன்று இடத்திலும் இடைவெளி 0-வில் முடிகிறது. 12-ஆம் தேதி 04311 மாலை 4:52-க்கு, 04321 மாலை 5:40-க்கு. ரீஸ்டார்ட் 5:05. எல்லாம் பொருந்துகிறது. அந்த முக்கால் மணி நேரத்தில் கிடங்கின் கேட் பதிவேட்டில் வண்டி எதுவும் வெளியே போகவில்லை. ஆக, இந்த ஒன்பதும் தீர்ந்தன. அளவில் பெரியதாக இருந்தாலும் ஆபத்தில்லாதவை.

இரண்டாம் கூட்டம்: 04187, 04402, 04455. மூன்றும் கேன்சல் ஆன பில்கள் என்று மென்பொருளின் ரத்துப் பட்டியலில் இருக்கின்றன. ரத்து என்று சொன்னால் போதாது, ரத்தானதற்கான தடயம் வேண்டும். சரக்கு விற்பனைக்கு இன்வாய்ஸ் மூன்று பிரதிகளாகப் போட வேண்டும். கையால் எழுதும் புத்தகம் என்றால் மூன்று பிரதியும் ஒன்றாகப் பின் செய்யப்பட்டு, குறுக்கே கோடிட்டு, புத்தகத்திலேயே இருக்க வேண்டும். முதல் பிரதி இல்லை என்றால் அது வாங்கியவர் கையில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிறுவனத்தின் விற்பனை 5 கோடியைத் தாண்டியது. அதனால் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்குப் போடும் பில்களுக்கு மின் இன்வாய்ஸ் கட்டாயம். அரசுத் தளம் ஒவ்வொன்றுக்கும் ஐஆர்என் என்ற குறியீட்டைத் தரும். அதை 24 மணி நேரத்துக்குள்தான் தளத்தில் ரத்து செய்ய முடியும். ரத்து செய்த எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. 04187-உம் 04402-உம் அன்றைக்கே தளத்தில் ரத்தாகியிருக்கின்றன. அடுத்த எண்ணில் அதே வாடிக்கையாளருக்கு, திருத்திய அளவோடு, புதுப் பில் இருக்கிறது. சரி.

04455 அப்படி இல்லை. பில் போட்டு மூன்றாம் நாள்தான் மென்பொருளில் ரத்து செய்திருக்கிறார்கள். அதற்குள் 24 மணி நேரம் கடந்துவிட்டது. தளத்தில் அந்த ஐஆர்என் இன்னும் உயிரோடு இருக்கிறது. நிறுவனத்தின் கணக்கில் அந்த விற்பனை இல்லை. ஆனால் வாங்கியவருக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது தெரிகிறது, அவர் உள்ளீட்டு வரிச் சலுகையையும் எடுத்திருக்கக்கூடும். சரக்கு உண்மையிலேயே திரும்பி வந்திருந்தால் செய்ய வேண்டியது சிஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட் போடுவது. பில்லை அழிப்பதல்ல. இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் கணக்கு தவறு, திருத்தியே ஆக வேண்டும்.

மூன்றாவது: 04538, ஒரே ஒரு எண். நவம்பர் 23, சனிக்கிழமை. 04537 இரவு 8:40. 04539 இரவு 8:46. அன்று ரீஸ்டார்ட் இல்லை, ரத்துப் பட்டியலிலும் இல்லை. இரண்டு பக்கமும் ரொக்க பில்கள், ஒரே பயனர் பெயரில். ரொக்க விற்பனை, வாங்கியவருக்கு ஜிஎஸ்டி எண் இல்லை என்பதால் மின் இன்வாய்ஸ் தடயமும் கிடையாது.

இங்கேதான் விற்பனைப் பதிவேட்டை விட்டு வெளியே வர வேண்டும். கேட் பதிவேட்டில், பால்பாயின்ட் பேனாவில், "4538 – மோட்டார் 3 – ஆட்டோ" என்று ஒரு வரி. வாட்ச்மேன் பில்லைப் பார்த்து எழுதியது. அப்படியென்றால் பில் அச்சாகியிருக்கிறது, சரக்கும் போயிருக்கிறது. இருப்புக் கணக்கில் மாதக் கடைசியில் அதே ரக மோட்டார் மூன்று "சேதம்" என்று கழிக்கப்பட்டிருக்கிறது. சேதமான மோட்டார் கிடங்கில் இல்லை, ஸ்கிராப் விற்ற ரசீதும் இல்லை. அன்றைய ரொக்கக் கணக்கில் அந்தப் பணமும் ஏறவில்லை.

## ஜிஎஸ்டிஆர்-1 என்ன சொல்லியிருக்கிறது

விற்பனை விவரங்களைத் துறைக்குக் கொடுக்கும் படிவம் ஜிஎஸ்டிஆர்-1. அதன் 13-ஆவது அட்டவணையில், அந்த மாதம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, ரத்து எத்தனை, நிகரம் எத்தனை என்று கொடுக்க வேண்டும். இந்த நிறுவனம் மொத்தம் 560, ரத்து 3, நிகரம் 557 என்று கொடுத்திருக்கிறது. பதிவேட்டில் இருப்பதோ 547. அந்தப் பத்தின் வித்தியாசம் ரீஸ்டார்ட்டில் போன ஒன்பதும் 04538-உம். பலர் இந்த அட்டவணையைக் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து, ஒன்றைக் கூட்டி நிரப்பிவிடுகிறார்கள். அதனால் போடாத பில்லையும் போட்டதாகத் துறையிடம் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு "557 பில்லையும் காட்டுங்கள்" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

## எது பெரிய விஷயம், எது இல்லை

தணிக்கையில் 'முக்கியத்துவ அளவு' என்று ஒன்று வைத்துக்கொள்வார்கள். அந்த அளவுக்குக் கீழே உள்ள தவறு, கணக்கைப் படிப்பவரின் முடிவை மாற்றாது என்பது கருத்து. இந்த நிறுவனத்துக்கு விற்பனையில் ஒரு சதவீதம், அதாவது 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மோட்டார், ஒன்று 7,500 ரூபாய் என்றால் 22,500. அதற்கு 18 சதவீத வரி 4,050. ஆறு லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படியானால் விட்டுவிடலாமா?

விட முடியாது. காரணங்கள்:

1. தொலைந்த பில்லின் தொகையைச் சராசரியால் ஊகிக்க முடியாது. ஆறு கோடியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50 லட்சம். அதை 560-ஆல் வகுத்தால் ஒரு பில் சுமார் 8,900 ரூபாய். ஆனால் கேட் பதிவேடு காட்டியது 22,500. தானாகத் தொலையும் எண்ணுக்குச் சராசரி ஓரளவு பொருந்தலாம். ஒருவர் வேண்டுமென்றே அழிக்கும்போது எந்தப் பில் என்று பார்த்துத்தான் அழிப்பார்.

2. தவறும் மோசடியும் ஒரே தராசில் நிற்பதில்லை. தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 240 இதைத் தனியாகவே பேசுகிறது. வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும் சின்னத் தொகையும், அதைச் செய்தவர் கைபட்ட மற்ற ஆவணங்களின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கும்.

3. அழிக்க முடிந்தது எப்படி என்ற கேள்வி தனியாக நிற்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். தணிக்கையாளர் தன் அறிக்கையில் இதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே கணக்கு மென்பொருளில் அந்தப் பதிவு இருக்கிறது. கவுன்ட்டரில் பில் போடும் தனி மென்பொருளில் இல்லை. பில் அங்கேயே அழிக்கப்பட்டு, கணக்குக்கு வந்து சேரவே இல்லை.

அதனால் அடுத்த வேலை, 04538-இன் சாயலை மற்ற மாதங்களில் தேடுவது. தனியாக விடுபட்ட ஒரே எண், இரண்டு பக்கமும் ரொக்க பில், இரவு எட்டு மணிக்குப் பிறகு, அதே பயனர். எல்லா இடைவெளியையும் துருவ வேண்டியதில்லை. இந்த வடிகட்டியில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 11 எண்கள் சிக்குகின்றன. கேட் பதிவேட்டோடும் "சேதம்" கழிவுகளோடும் ஒப்பிட்டால் 7 பொருந்துகின்றன. மீதி நான்குக்குச் சான்று இல்லை. அவற்றை 'விளக்கம் கிடைக்காதவை' என்று தனியாகவே எழுத வேண்டும். ஏழோடு சேர்த்து மோசடி என்று எழுதுவதும் தவறு, ரத்து என்று எழுதுவதும் தவறு.

பணம் யாரிடம் போனது என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது. ஊழியர் எடுத்துக்கொண்டிருந்தால் கம்பெனிக்கு நஷ்டம். கம்பெனிகள் சட்டத்தின் 143(12) பிரிவின்படி, ஒரு கோடிக்குக் குறைவான மோசடி என்பதால் தணிக்கையாளர் இயக்குநர் குழுவுக்கோ தணிக்கைக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரியவந்த இரண்டு நாளுக்குள் என்று விதி கெடு வைத்திருக்கிறது. முதலாளியே சொல்லி அழித்திருந்தால் அது மறைத்த விற்பனை, ஏய்த்த வரி. சிஜிஎஸ்டி சட்டத்தின் 122-ஆவது பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரித் தொகை, எது அதிகமோ அது. எந்த வழியானாலும் விற்ற சரக்குக்கு உரிய வரியை வட்டியோடு கம்பெனி கட்டியாக வேண்டும்.

## வரிசை காட்டாத விற்பனை

இத்தனைக்கும் பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு எண்கூட விடுபடாத பதிவேடு, எல்லா விற்பனையும் எழுதப்பட்டதற்குச் சான்று இல்லை. "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் சரக்கு போனால் அதற்கு வரிசை எண்ணே கிடையாது. இரண்டாவது பில் புத்தகம் வைத்திருந்தாலும் அப்படித்தான். முதல் புத்தகத்தின் வரிசை கச்சிதமாகவே இருக்கும். அதனால் நல்ல தணிக்கையாளர் எதிர்த் திசையிலிருந்தும் வருவார். கேட் பதிவேட்டிலிருந்து முப்பது வரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பில் இருக்கிறதா என்று தேடுவார். ஈ-வே பில் பட்டியலையும் கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் யூபிஐ கியூஆர் கோடு எந்த வங்கிக் கணக்கில் பணம் சேர்க்கிறது என்பதையும் பார்ப்பார். 04538-ஐப் பிடித்துக் கொடுத்ததும் வாட்ச்மேனின் நோட்டுதான். அந்த நோட்டில் எண்ணே எழுதாத வரிகள் இருந்தால், அடுத்த தேடலை அங்கிருந்து தொடங்க வேண்டும்.